ஹெபடைடிஸ் பி டெஸ்டில் கோர் ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ், யாருக்காவது இப்படி வந்ததுண்டா?

அம்மாவுக்கு ரிட்டக்ஸிமாப் ஊசி தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை எடுத்தோம். சர்ஃபேஸ் ஆன்டிஜென் நெகட்டிவ், அதாவது இப்போது தொற்று இருப்பதாகத் தெரியவில்லை. சர்ஃபேஸ் ஆன்டிபாடியும் 10 யூனிட்டுக்குக் கீழே. எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ். தடுப்பூசியில் சர்ஃபேஸ் புரதம் மட்டுமே இருப்பதால் தடுப்பூசி போட்டு இது வராது. எப்போதோ தொற்று வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ரிப்போர்ட்டே தவறான பாசிட்டிவ். பழைய தொற்று என்றால் கல்லீரலில் உறங்கும் வைரஸை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் இந்த ஊசி எழுப்பிவிடலாம் என்பதுதான் என் பயம்.

வைரஸ் டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: டிஎன்ஏ நெகட்டிவ் வந்தும் உங்கள் டாக்டர் வைரஸை அடக்கும் என்டெகாவிர் மாத்திரையை ஊசிக்கு முன்பே தொடங்கினாரா? அப்புறம் எத்தனை மாதம் தொடர்ந்தீர்கள்?