பின்மொழிபெயர்ப்பில் தேறிய கேள்வி, முன்னோட்டத்தில் தடுமாறியது: அனுபவப் பகிர்வு

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

குழந்தைகளுக்கு வரும் நிமோனியாவைப் பற்றிச் சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார்கள் என்பதை அளக்கும் வினாத்தாள் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினோம். இருவர் தனித்தனியே மொழிபெயர்த்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒரே வடிவமாக்கிய பின், மூலத்தைப் பார்த்திராத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். கேள்விகளுள் ஒன்று இது: "ஒரு வயதுக் குழந்தை நிமிடத்துக்கு 44 முறை மூச்சு விடுகிறது. இது வேகமான மூச்சா?" உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புப்படி, 2 மாதம் முதல் 12 மாதத்துக்குள் 50 அல்லது அதற்கு மேல், 12 மாதம் முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. ஆகவே விடை "ஆம்". பின்மொழிபெயர்ப்பு மூலத்தோடு சொல்லுக்குச் சொல் பொருந்தியது.

முன்னோட்டத்தில்தான் வினோதம் தெரிந்தது. மொத்த மதிப்பெண்ணில் மேலே இருந்தவர்களைவிடக் கீழே இருந்தவர்களே இந்த ஒரு கேள்வியில் அதிகம் சரியாக விடையளித்திருந்தார்கள். சிலரை அழைத்து, விடைக்கு எப்படி வந்தார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். அனுபவமிக்க பணியாளர் ஒருவர், "முடிஞ்ச வயசா, நடக்கிற வயசா? நடக்கிற ஒரு வயசுன்னா ஐம்பதுதான் கணக்கு, நாப்பத்தி நாலு சாதாரணம்" என்றார். இரு வரம்புகளையும் அறிந்தவர்கள் தயங்க, 40 என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருந்தவர்கள் வயதைக் கவனிக்காமலே தேறியிருக்கிறார்கள். இத்தகைய கேள்விகளை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மொழிபெயர்ப்பாளர்

என் அனுபவத்தில், பின்மொழிபெயர்ப்பு செய்பவருக்குச் சுகாதாரத் துறைப் பழக்கம் இருந்தால் அவர் தெரிந்த கருத்தை ஊகித்து எழுதிவிடுகிறார். அதனால் பிழை மறைந்துபோகிறது. துறைக்கு வெளியே உள்ளவரிடம் கொடுத்திருந்தால் இது அகப்பட்டிருக்கும்.

பயிற்றுநர்

பணியாளர்கள் வரம்பைக் குழப்பிக்கொள்வது எங்கும் நடப்பதுதான். மணிக்கூடு வைத்து முழு நிமிடம் எண்ணும் பயிற்சியை மீண்டும் நடத்துங்கள். பலர் அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பதால்தான் எண்ணிக்கை பிசகுகிறது.

தரவுப் பகுப்பாய்வாளர்

பயிற்றுநர் சொல்வது உண்மையான சிக்கலே. ஆனால் இங்கே எண்ணிக்கை கேள்வியிலேயே தரப்பட்டுவிட்டது, யாரும் எண்ணவில்லை. குழம்பியிருப்பது கேள்வி. அதைத் திருத்தாமல் பயிற்சியை மட்டும் மாற்றினால், நன்றாகத் தெரிந்தவர்கள் அடுத்த முறையும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர் சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. துறையறிவு பிழையை மூடும் என்பது சரி. ஆனால் "ஒரு வயது" என்பதை யார் திருப்பினாலும் அதேதான் வரும். ஏனெனில் இரட்டைப் பொருள் அப்படியே சேர்ந்து பயணிக்கிறது. வாசிப்பவர் என்ன புரிந்துகொள்கிறார் என்பதை அவரிடம்தான் கேட்க முடியும்.

நாங்கள் இதுபோன்ற ஒன்றில் வயதை எல்லைக்கோட்டிலிருந்து நகர்த்தி, "பிறந்து 16 மாதம் நிறைந்த குழந்தை" என்று எழுதினோம். ஆங்கில மூலத்தையும் அவ்வாறே மாற்றினோம். அத்துடன், சற்றுத் தள்ளி, அதே 44 மூச்சை 8 மாதக் குழந்தைக்கு வைத்து இன்னொரு கேள்வியும் சேர்த்தோம். அதற்கு விடை "இல்லை". 40 மட்டும் தெரிந்தவர் முதலாவதில் தேறி இரண்டாவதில் மாட்டிக்கொள்வார். இரண்டும் சரியானால்தான் மதிப்பெண். கண்ணை மூடிக்கொண்டு ஆம், இல்லை என்று குறிப்பவருக்குத் தனிக் கேள்வியில் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இணையில் அது கால்வாசியாகிறது.

களக் கண்காணிப்பாளர்

எங்கள் ஆய்வில் கேள்விகளை நேர்காணுநர் வாசித்துக் காட்டினார். பணியாளர் விழித்தால், "அதாவது ஒரு வருஷம் முடிஞ்ச குழந்தைங்க" என்று அவரே விளக்கிவிடுவார். இன்னொருவர் வேறு விதமாக விளக்குவார். எழுத்தில் எவ்வளவு சரிபார்த்தாலும் வாயில் வந்தது வேறு கேள்வி. எழுதியதை எழுதியபடி இருமுறை வாசிப்பது, அதற்கு மேல் விளக்காமல் "தெரியாது" என்று குறிப்பது என விதி வைத்தோம். விளைவு, "தெரியாது" பெருகியது. அது அறியாமையா, கேள்வி புரியாமையா என்று பிரிக்க இன்றுவரை எங்களுக்கு வழி கிடைக்கவில்லை.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

இணைக் கேள்வி யோசனையை எடுத்துக்கொள்கிறேன். மூலத்தை மாற்றுவதில்தான் இழுபறி. அதே வினாத்தாள் வேறு மொழிகளில் ஏற்கெனவே களத்துக்குப் போய்விட்டது. மாற்றினால் ஒப்பிட முடியாது என்கிறார்கள் மூலக் குழுவினர். அந்த மொழிகளிலும் பணியாளர்களை வாய்விட்டு யோசிக்கச் சொல்லிப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறேன்; பதில் வரும்வரை தமிழில் மட்டும் "12 மாதம் நிறைந்த" என்று எழுதி வைத்திருக்கிறோம்.