மகளின் முதல் காதல்: அவளுக்குத் தெரியாமல் அலைபேசியைப் பார்க்கலாமா?

கவிதா
என் மகளுக்கு வயது 15. நேரம் பார்க்க அவளுடைய அலைபேசியை எடுத்தபோது திரையில் ஒரு செய்தி வந்து நின்றது. வகுப்பில் படிக்கும் ஒரு பையனோடு அவளுக்குக் காதல் என்பது அந்த ஒரு வரியிலேயே புரிந்துவிட்டது. நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. அவளுடைய வாட்ஸ்அப்பை என் கணினியோடு இணைத்துவிட்டால் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் கவனிக்கலாம் என்கிறான் என் தம்பி. அவளைக் குற்றவாளியைப் போல் நடத்த எனக்கு மனமில்லை. சும்மா இருக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

சிவகுமார்
உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம், ஊரைக் கூட்ட வேண்டாம். கவனித்துக்கொண்டு மட்டும் இருங்கள். எல்லை மீறினால் தலையிடலாம். அவளுக்குத் தெரியாத வரை அவள் மனமும் நோகாது. எனக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அந்தரங்கத்தைவிட அவர்களுடைய உயிர் எனக்குப் பெரியது.

மீனாட்சி
பள்ளியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். சிவகுமார் ஐயாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மறைவாகப் படித்துத் தெரிந்துகொண்டதை வைத்து என்ன செய்ய முடியும் என்று யோசியுங்கள். சனிக்கிழமை இருவரும் சந்திக்கப் போகிறார்கள் என்று படிக்கிறீர்கள். படித்ததை வெளியில் சொல்ல முடியாது. அதனால், "சனிக்கிழமை எங்கே போகிறாய்?" என்று விடை தெரிந்தே கேட்பீர்கள். அவள், "தோழி வீட்டுக்கு" என்பாள். அவள் பொய் சொல்கிறாள் என்ற கோபம் உங்களுக்குள் வளரும். அந்தப் பொய்க்கு வழி வைத்தது உங்கள் கேள்வி என்பது மறந்துபோகும். சில வாரங்களில் வீட்டில் இருவருமே நடிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

கவிதா, நீங்கள் தற்செயலாகப் பார்த்ததை அவளிடம் சொல்லிவிடுங்கள். எப்படிப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வேண்டாம். துணி மடிக்கும்போதோ நடந்து போகும்போதோ பேசுங்கள், முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது பிள்ளைகளுக்கு வாய் திறக்கும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பேசினால் அது விசாரணையாகிவிடும். "நேரம் பார்க்க எடுத்தேன், ஒரு வரி கண்ணில் பட்டது, மேலே எதையும் படிக்கவில்லை. எனக்குக் கோபம் இல்லை. அவனைப் பற்றி நீயே சொன்னால் கேட்க ஆசை" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் பேச்சில் விதிகள் வேண்டாம். அவள் மழுப்பினாலும் அழுதாலும் விட்டுவிடுங்கள். பேச்சு இரண்டாம் முறை தொடர வேண்டும், அதுதான் முக்கியம்.

அருள்
இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? பெற்றோர் எதிர்க்க எதிர்க்கக் காதல் இறுகும் என்று 1972லேயே ஆய்வு வந்துவிட்டது. கண்டுகொள்ளாமல் விட்டால் இந்த வயதுக் காதல் தானாகவே முடிந்துவிடும். பேச்சே தேவையில்லை.

மீனாட்சி
அந்த ஆய்வு உண்மைதான் அருள். ஆனால் 2014இல் அதே கேள்வியை மறுபடி சோதித்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. குடும்பத்தாரும் நண்பர்களும் ஏற்றுக்கொண்ட உறவுகள்தான் நன்றாக இருந்தன. அதனால் "எதிர்த்தால் இறுகும்" என்பதை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். நான் பணியில் பார்ப்பது வேறு. எதிர்ப்பு வந்த வீட்டில் காதல் கூடுகிறதோ குறைகிறதோ, அது நிச்சயம் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்துகொண்ட உறவில் ஏதாவது தவறாக நடந்தால் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஆள் இருக்காது.

கண்டுகொள்ளாமல் விடுவதையும் நான் ஏற்க மாட்டேன். முதல் காதலில் இருக்கும் பிள்ளைக்கு எது இயல்பு, எது இயல்பில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்க முன் அனுபவமே கிடையாது. ஒரு நாளில் நாற்பது முறை "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்பவனை அன்பு மிகுந்தவன் என்றே அவள் நினைப்பாள்.

நிலவன்
எனக்கு 19 வயது. பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வேறு கணினியில் இணைத்தால் அது அங்கே பெயரோடு தெரியும். என் நண்பன் அப்படித்தான் கண்டுபிடித்தான். அவன் அப்பாவிடம் சண்டை போடவில்லை. அந்த எண்ணில் படிப்பைப் பற்றியே பேசிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் ஒரு விளையாட்டுச் செயலியின் அரட்டைப் பகுதிக்கு மாற்றிக்கொண்டான். மகனைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று அவனுடைய அப்பா இன்னும் நம்புகிறார்.

சிவகுமார்
தம்பி, அதை மறுக்கவில்லை. ஆனால் மீனாட்சி அம்மாவிடம் ஒன்று கேட்கிறேன். பேசினால் பிள்ளை சொல்லிவிடும் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

மீனாட்சி
ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்துச் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. பிள்ளைகளின் நடமாட்டம் பற்றி நிறையத் தெரிந்த பெற்றோருக்கு அது எப்படித் தெரிந்தது என்று பார்த்தார்கள். பெரும்பகுதி பிள்ளைகள் தாங்களாக வந்து சொன்னது. கேள்வி கேட்டும் கட்டுப்படுத்தியும் பெற்றது அதற்கு ஈடாகவில்லை.

சிவகுமார்
தப்புச் செய்யாத பிள்ளை வந்து சொல்லும், செய்கிற பிள்ளை மறைக்கும். அந்த ஆய்வு இதைத்தானே காட்டுகிறது? பேச்சு பிள்ளையை நல்லதாக்கியது என்று எப்படிச் சொல்ல முடியும்?

மீனாட்சி
நியாயமான கேள்வி. எது காரணம், எது விளைவு என்று அந்த ஓர் ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மறைக்கிற பிள்ளையை வேவு பார்த்தால் வெளிச்சத்துக்கு வரும் என்பதற்கும் அதில் ஆதாரம் இல்லை. நிலவன் சொன்ன நண்பனைப் பாருங்கள்.

செல்வராணி
எல்லோரும் பெண்ணைக் காப்பாற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இருப்பது மகன். 17 வயது. போன மாதம் அந்தப் பெண் "போதும்" என்று சொல்லிவிட்டாள். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. அவளுக்குத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருக்கிறான். "இதெல்லாம் ஒரு காதலா, படிக்கிற வழியைப் பார்" என்று அவன் அப்பா சொன்ன நாளிலிருந்து எங்களிடமும் பேசுவதில்லை. இதற்கு என்ன வழி?

மீனாட்சி
இந்தப் பக்கத்தை எடுத்ததற்கு நன்றி அம்மா. முதலில் அவனுடைய துக்கத்தை அளந்து பார்க்காதீர்கள். அவனுக்கு அது முழுத் துக்கம்தான். "கஷ்டமாகத்தான் இருக்கும், நான் இருக்கிறேன்" என்றால் போதும். தூக்கம், சாப்பாடு, பள்ளி, நண்பர்கள் இவற்றைக் கவனியுங்கள். இரண்டு வாரம் கடந்தும் இவை தேறாவிட்டால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற தொனியில் அவன் எப்போதாவது பேசினால், அன்றே மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். வாழ்வு வெறுத்துவிட்டதா என்று நேராகக் கேட்கவும் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

ஆனால் அந்த அழைப்புகளை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கண்டிப்பாக, கனிவோடு சொல்லுங்கள். "அவள் போதும் என்றால் போதும்தான். உன் வலியை என்னிடம் கொட்டு, அவளிடம் வேண்டாம்." இதை அவனுக்கு வீட்டில் யாராவது சொல்லியே ஆக வேண்டும்.

கவிதாவும் மகளிடம் இதே இடத்தைத்தான் தொட வேண்டும். "அவன் நல்ல பையனா?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற பதில்தான் வரும். "கடைசியாக அவனிடம் எதற்காவது முடியாது என்று சொன்னாயா? அப்போது என்ன செய்தான்?" என்று கேளுங்கள். சின்ன விஷயமாகவே இருக்கலாம். தாமதமாகப் பதில் போட்டது, ஒரு மாலை வர முடியாது என்றது. வருத்தப்பட்டான், பிறகு சரியாகிவிட்டான் என்றால் நல்லது. இரண்டு நாள் பேசவில்லை, தன்னை ஏதாவது செய்துகொள்வேன் என்றான், கடவுச்சொல்லைக் கேட்டான், தோழிகளோடு பேசாதே என்றான் என்றால் அந்த உறவில் கட்டுப்பாடு நுழைந்துவிட்டது. அவள் அப்படி எதுவும் செய்கிறாளா என்றும் கேட்க வேண்டும்.

சிவகுமார்
படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போதும் துணி மடித்துக்கொண்டே பேசச் சொல்வீர்களா?

மீனாட்சி
இல்லை, அங்கே நானும் உங்கள் பக்கம். மிரட்டல், பணம் கேட்பது, எதிரில் இருப்பது வயதில் மூத்தவர் என்று தெரிவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது என்று திட்டமான அறிகுறி ஒன்று இருந்தால் அலைபேசியைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அப்போதும் சொல்லிவிட்டு, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, எதைத் தேடுகிறோம் என்று காட்டிப் பாருங்கள்.

மிரட்டல் உண்மையாக இருந்தால் பணம் கொடுக்காதீர்கள், இன்னொரு படம் அனுப்ப விடாதீர்கள். உரையாடலை அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள், பிறகு பதில் சொல்வதை நிறுத்திவிட்டுக் காவல்துறையிடம் போங்கள். 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட படம் என்றால் takeitdown.ncmec.org என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கருவியிலேயே அந்தப் படத்துக்கு ஓர் அடையாள எண் உருவாகிறது, அது மட்டும்தான் போகும். சேவையில் சேர்ந்த தளங்கள் அந்த எண்ணை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். சேராத தளங்களிலும், மறையாக்கம் செய்யப்பட்ட அரட்டைகளிலும் இது எட்டாது.

அந்த நிலை வந்தால் பிள்ளை உங்களிடம் முதல் மணி நேரத்திலேயே ஓடி வர வேண்டும். காதலித்ததற்கே அவமானப்பட்ட பிள்ளை வருமா என்று நீங்களே சொல்லுங்கள் ஐயா.

கவிதா
பேசினேன். முதலில், "ஏன் என் ஃபோனை எடுத்தாய்?" என்று கோபப்பட்டாள். கோபப்பட விட்டேன். அன்று வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் இரவு அவளே வந்து அவன் பெயரைச் சொன்னாள். "முடியாது" பற்றிய கேள்விக்கு நெடுநேரம் யோசித்தாள். ஒரு முறை படம் கேட்டானாம், முகம் மட்டும். இவள் மறுத்ததும் "சரி, மன்னித்துவிடு" என்றானாம். பிறகுதான் விதிகளைப் பேசினோம். இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டு அலைபேசிகள் எல்லாம், என்னுடையதும்கூட, கூடத்தில் இருக்கும். சந்திப்பது நாலு பேர் இருக்கும் இடத்தில். எங்கே, எப்போது திரும்புவாள் என்று முன்பே சொல்ல வேண்டும். தோழிகளோடு போனாலும் இதே விதிதான் என்றதும் ஒப்புக்கொண்டாள். பத்து மணியைப் பதினொன்றாக்கக் கேட்கிறாள், இன்னும் முடிவாகவில்லை. அவளுடைய அப்பாவிடம் நானே சொல்லப்போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பையனின் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டுமா என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

சிவகுமார்
தெரிவியுங்கள். அந்தப் பையனின் அப்பா நானாக இருந்தால், எனக்குத் தெரியாமல் இன்னொரு வீட்டில் என் மகனைப் பற்றி விதிகள் பேசப்படுவதை ஏற்க மாட்டேன்.

மீனாட்சி
அவசரப்பட வேண்டாம். அந்த வீட்டில் பையனுக்கு அடி விழுமா என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கலாம். அவளைக் கேளுங்கள், அவன் தானே சொல்ல அவகாசம் கொடுங்கள். ஆபத்துக்கான அறிகுறி இல்லாதபோது அது அவன் சொல்ல வேண்டிய செய்தி.

செல்வராணி
நான் அந்தப் பையனின் அம்மாவாக இருந்தால் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் நினைப்பேன். ஆனால் என் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்வேன்.