பிணைப்பிடப் பெயர்ப்பு: கோ-ட்ரைமாக்சசோல் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், பிரிக்பீல்ட்ஸ்

அனைவருக்கும் வணக்கம். குழந்தை மருந்துகள் பற்றிய பெற்றோர் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். கோ-ட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் பக்கத்தில் நின்றுவிட்டேன். பிறந்து ஆறு வாரம் ஆகாத குழந்தைக்கு அதைக் கொடுப்பதில்லை. இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டியிருக்கும், மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமியை மருந்து தள்ளிவிட்டு அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது என்பதே காரணம். இந்தத் தள்ளலுக்கு 'இடப்பெயர்ச்சி' என்று போட்டேன். படித்துப் பார்த்த தோழி, பிலிருபின் தானாகவே நகர்ந்து போவதுபோல் இருக்கிறது என்றார். வேறு சொல் உண்டா?

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், ஜார்ஜ்டவுன்

தோழி சொன்னது சரி. பெயர்ச்சி என்பது தன்வினை, தானே பெயர்வது. மருந்து பெயர்க்கிறது என்றால் 'பெயர்ப்பு' என்றுதான் வரவேண்டும். ஆனால் காரணத்தையே நீங்கள் சுற்றி வளைப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பச்சிளம் குழந்தையின் கல்லீரல் முதிரவில்லை. பிலிருபினைப் பக்குவப்படுத்தி வெளியேற்ற அதற்கு இன்னும் முடியவில்லை. அதன்மேல் மருந்தும் சேர்ந்தால் மஞ்சள் கூடுகிறது. 'கல்லீரல் முதிராமை' என்று எழுதினால் தாய்மார்களுக்குப் புரியுமே. தாதி மிஸ்ஸி வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும்போது சொல்வதும் இதைத்தானே?

குழந்தைகள் மருந்தாளர், செராஸ்

ஐயா, கல்லீரலைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, ஆனால் பாதிக் கதை. முதிராத கல்லீரலால் பிலிருபின் சேர்கிறது. அப்படிச் சேர்ந்ததன் பெரும்பகுதி ஆல்புமினைப் பற்றிக்கொண்டிருப்பதால் எளிதில் மூளைக்குள் போவதில்லை. கோ-ட்ரைமாக்சசோலில் உள்ள சல்ஃபா மருந்து வந்து அந்தப் பிடியை விடுவித்தால், விடுபட்ட பிலிருபின் இரத்தத்திலிருந்து மூளைத் திசுவுக்குள் இறங்குகிறது. மூளையின் அடிப்பகுதி நரம்பு முடிச்சுகளில் அது படிந்து செய்யும் சேதம் ஆறுவதில்லை. செவித்திறன் குறைவும் தசை இறுக்கமும் வாழ்நாள் முழுக்கத் தொடரலாம்.

'மஞ்சள் கூடுகிறது' என்று எழுதுவது ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். பிலிருபின் திசுக்களுக்குள் போய்விட்டால் இரத்தப் பரிசோதனையில் மொத்த அளவு உயராது, குறையக்கூடச் செய்யலாம். தாய் 'அளவு நன்றாகத்தானே இருக்கிறது' என்று நிம்மதி அடைவார். அந்த எண் மொத்தத்தைக் காட்டுகிறது. எவ்வளவு பிடியிலிருந்து விடுபட்டது என்பதை அது காட்டாது.

இது வெறும் ஊகமன்று. 1956இல் வில்லியம் சில்வர்மன் குழுவினர் நியூயார்க்கில் குறைமாதக் குழந்தைகளை இரண்டு தொகுதியாகப் பிரித்து, ஒன்றுக்குப் பெனிசிலினோடு சல்ஃபிசாக்சசோலும், மற்றொன்றுக்கு ஆக்சிடெட்ராசைக்ளினும் தொற்று வராமல் காக்கக் கொடுத்தார்கள். சல்ஃபா தொகுதியில்தான் இறப்பும் மூளை மஞ்சள் பாதிப்பும் கூடுதலாக இருந்தன. ஏன் என்பதை, ஆல்புமினிலிருந்து பிலிருபின் பிரிவதை ஆராய்ந்து 1959இல் ஜெரார்ட் ஓடெல் விளக்கினார். கோ-ட்ரைமாக்சசோலில் இருப்பது சல்ஃபாமெத்தாக்சசோல், அதே குடும்பம். பிறந்த குழந்தைகளில் தடை அந்தப் பாடத்திலிருந்து வந்தது.

தாய், பட்டர்வொர்த்

மன்னிக்கவும், சொல் விவாதத்தின் நடுவே வருகிறேன். என் தங்கைக்குக் குழந்தை பிறந்து 12 நாள். முழு மாதம்தான், ஆனால் கண்ணில் இன்னும் மஞ்சள் இருக்கிறது. தங்கைக்குச் சிறுநீர்த் தொற்று என்று கிளினிக்கில் இதே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்கு நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை. அப்படியானால் பயமில்லைதானே?

குழந்தைகள் மருந்தாளர், செராஸ்

அக்கா, நல்ல வேளை கேட்டீர்கள். மருந்து தாய்ப்பாலில் சிறிதளவு கலக்கும். முழு மாதத்தில் பிறந்து மஞ்சள் இல்லாத குழந்தைக்கு அது பெரும்பாலும் கவலைக்குரியதன்று. ஆனால் மஞ்சள் உள்ள குழந்தை, குறைமாதக் குழந்தை, சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைபாடுள்ள குழந்தை என்றால் தவிர்க்கிறோம். நம் மலேசியாவில் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பார்க்கும் வழக்கம் இருக்கிறது. குழந்தையின் பதிவுப் புத்தகத்தில் முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறைபாடு இருந்தால் இந்த மருந்தால் சிவப்பணு உடையலாம். அதனால் பிலிருபின் இன்னும் பெருகும்.

தங்கை தானாக மருந்தை நிறுத்திவிட்டுத் தொற்றை அப்படியே விடக்கூடாது. அடுத்த மாத்திரைக்கு முன்பே கிளினிக்கைக் கூப்பிட்டு, 'பால் குடிக்கும் குழந்தைக்கு 12 நாள், மஞ்சள் இருக்கிறது' என்று சொல்லி மாற்று மருந்து கேட்கட்டும். குழந்தை பால் குடிக்க எழுந்திருக்கவில்லை, துவண்டுபோகிறது, கீச்சென்று அழுகிறது, முதுகை வில்லாக வளைக்கிறது என்றால் எதற்கும் காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், பிரிக்பீல்ட்ஸ்

அளவுப் பகுதியிலும் ஒரு சந்தேகம். மூல நூலில் ஓரிடத்தில் 'ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம்', இன்னோரிடத்தில் '48 மில்லிகிராம்' என்று இருக்கிறது. ஒன்று அச்சுப்பிழையா?

குழந்தைகள் மருந்தாளர், செராஸ்

இரண்டும் ஒரே அளவுதான். இந்த மருந்தில் ஒரு பங்கு ட்ரைமெத்தோப்ரிம், ஐந்து பங்கு சல்ஃபாமெத்தாக்சசோல். 8 என்பது ட்ரைமெத்தோப்ரிமை மட்டும் கணக்கிட்டது. 48 என்பது இரண்டும் சேர்ந்தது. எதைச் சொல்கிறோம் என்று எழுதாவிட்டால் அளவு ஆறு மடங்கு மாறும்.

பத்து மாதக் குழந்தை, எடை 8 கிலோ, சிறுநீர்த் தொற்று என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அளவில் ஒரு வேளைக்கு ட்ரைமெத்தோப்ரிம் கிலோவுக்கு 4 மில்லிகிராம், ஆக 32. குழந்தைகள் சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு ட்ரைமெத்தோப்ரிம் 40, சல்ஃபாமெத்தாக்சசோல் 200. ஆகவே வேளைக்கு 4 மில்லிலிட்டர், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. 8 என்பதை மொத்த மருந்தாக எடுத்துக்கொண்டால் ஒரு நாள் முழுக்க ஒன்றே கால் மில்லிலிட்டர் சொச்சம்தான் போகும், தொற்று தீராது. 48ஐ ட்ரைமெத்தோப்ரிம் என்று படித்தால் நாளுக்கு 48 மில்லிலிட்டர் வரும். போத்தலைக் குலுக்காமல் ஊற்றினாலும் அளவு கெடும். மருந்து அடியில் தங்கிவிடும்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், ஜார்ஜ்டவுன்

விளக்கம் பிடிபட்டது. என் பரிந்துரை: 'பிணைப்பிடப் பெயர்ப்பு'. ஆல்புமினில் மருந்தும் பிலிருபினும் போட்டியிடும் இடம் பிணைப்பிடம். மருந்து அங்கிருந்து பெயர்க்கிறது. பிடி விட்டதைப் 'பிணையாப் பிலிருபின்' எனலாம்.

குழந்தைகள் மருந்தாளர், செராஸ்

முதற்சொல்லை முழு மனதோடு ஏற்கிறேன். இரண்டாவதில் தயக்கம். கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாததை ஏற்கெனவே 'இணையாப் பிலிருபின்' என்கிறார்கள். ஆல்புமினில் பிணைந்திருப்பதே பெரும்பாலும் அந்த இணையாதது. 'இணையா', 'பிணையா' என்று ஓரெழுத்தில் வேறுபட்டால் தாதியர் பயிற்சிக் குறிப்பில் குழப்பம் வரும். 'விடுபட்ட பிலிருபின்' எப்படி?

மொழிபெயர்ப்பாளர், பிரிக்பீல்ட்ஸ்

படிவங்களில் 'விடுபட்ட தகவல்' என்றால் எழுதாமல் போனது என்று பொருள். பிலிருபின் பரிசோதனை செய்யப்படவில்லை என்று யாரேனும் படித்துவிடலாம். இப்போதைக்கு 'பிடி நீங்கிய பிலிருபின்' என்று எழுதிவைக்கிறேன். இன்னொன்று: எல்லைக்கோடு ஆறு வாரமா, இரண்டு மாதமா?

குழந்தைகள் மருந்தாளர், செராஸ்

பிரிட்டிஷ் வழிகாட்டியில் ஆறு வாரம், அமெரிக்க மருந்துச் சீட்டில் இரண்டு மாதம். எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்திலேயே இந்த மருந்தைத் தடுப்பாகத் தொடங்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதல் ஆறு மாதம் வரை சிரப் 2.5 மில்லிலிட்டர், நாளுக்கு ஒரு வேளை. நியூமோசிஸ்டிஸ் நிமோனியா அந்தக் குழந்தைகளை மூன்றிலிருந்து ஆறு மாத வயதில் கொல்லும் நோய். அந்த ஆபத்து இதைவிடப் பெரிது. ஆகவே கையேட்டில் 'ஆறு வாரத்துக்கு முன் மருத்துவர் தனிப்பட்ட காரணம் சொல்லாமல் கொடுக்கக்கூடாது' என்று எழுதுங்கள். எச்ஐவி குழந்தைகளுக்குத் தனிப் பக்கம் வேண்டும். அந்தப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன்.

தாய், பட்டர்வொர்த்

தங்கை கிளினிக்கைக் கூப்பிட்டுவிட்டாள். வேறு மருந்து எழுதித் தருகிறார்களாம், குழந்தையையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பதிவுப் புத்தகத்தில் ஜி6பிடி இயல்பு என்று இருக்கிறது.