இப்போதே ஃபண்ட் மாறலாமா, 2 மாதம் பொறுக்கலாமா?

நிலாமுற்றம்: 10 மாதத்துக்கு முன் ஒரு ஈக்விட்டி ஃபண்டில் மொத்தமாக 5 லட்சம் போட்டேன். இப்போது 5,60,000. இன்னொரு ஈக்விட்டி ஃபண்ட் வருடத்துக்கு 2% கூடுதலாகத் தரும் என்று நம்புகிறேன். ஒரு வருடத்துக்குள் எடுத்தால் எக்ஸிட் லோடு 1%. மாறட்டுமா?

அலைகடல்: யோசிக்கவே வேண்டாம், மாறுங்கள். 1% போனால் ஆறு மாதத்தில் திரும்ப எடுத்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை: வரியை விட்டுவிட்டீர்களே. லோடு லாபத்தின் மேல் இல்லை, எடுக்கும் முழுத் தொகையின் மேல்: 5,600. கைக்கு வருவது 5,54,400, அதில் லாபம் 54,400. குறுகிய கால வரி 20%, அதன் மேல் செஸ் 4%, ஆக 11,315. மொத்தச் செலவு 16,915, அதாவது உங்கள் பணத்தில் 3%. வருடம் 2% கூடுதல் நிஜமாகவே வந்தாலும் இதை மீட்க ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். வரியை ஃபண்ட் நிறுவனம் பிடிப்பதில்லை, பிறகு நாமே கட்டுகிறோம். அதனால்தான் பலர் கணக்கில் அது வருவதே இல்லை.

தேன்சிட்டு: ஒரே நிறுவனத்துக்குள் ஸ்விட்ச் போட்டால் பணம் வங்கிக்கே வராதே. அப்புறம் எதற்கு வரி?

கணக்குப்பிள்ளை: ஸ்விட்ச் என்றாலும் விற்று வாங்கியதாகவே கணக்கு. ரெகுலரிலிருந்து டைரக்ட்டுக்குப் போனாலும் வரி உண்டு.

அலைகடல்: சரி, வரி என்றைக்காவது கட்டத்தானே வேண்டும்? இன்றைக்குக் கட்டினால் புது ஃபண்டின் வாங்கிய விலை உயர்ந்துவிடுகிறதே.

கணக்குப்பிள்ளை: அது பாதி சரி. ஆனால் ஒரு வருடம் தாண்டினால் 12.5% தான், அதுவும் நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட நீண்ட கால லாபத்துக்கு மட்டும். அந்த 54,400க்குப் பின்னால் முழு வரியும் விழும் என்றே வைத்தாலும் மிச்சமாவது 7,000 சொச்சம். நிகர நஷ்டம் சுமார் 9,800. நிலாமுற்றம், வேறு நீண்ட கால லாபம் இல்லையென்றால் 2 மாதம் கழித்து லோடும் இல்லை, வரியும் இல்லை. காத்திருப்பதால் இழப்பது? 5,60,000க்கு 2 மாதத்துக்கான கூடுதல் லாபம், ஏறக்குறைய 1,870 ரூபாய்.

அலைகடல்: அந்த 2 மாதத்தில் சந்தை விழுந்தால்?

கணக்குப்பிள்ளை: புது ஃபண்டும் ஈக்விட்டிதானே, அதுவும் சேர்ந்துதான் விழும்.

தேன்சிட்டு: என்னுடையது எஸ்ஐபி, ஒன்றரை வருடமாகப் போகிறது. எனக்கு?

கணக்குப்பிள்ளை: ஒவ்வொரு தவணைக்கும் தனி ஒரு வருடம். முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் வெளியேறும். வருடம் தாண்டிய யூனிட்களை மட்டும் இப்போது மாற்றுங்கள், மீதியை மாதாமாதம். புது எஸ்ஐபியை இன்றே அந்தப் பக்கம் திருப்பிவிடலாம், அதற்குச் செலவில்லை.

அலைகடல்: ஃபண்ட் மேனேஜரே மாறி, பழைய ஃபண்ட் தடுமாறினாலும் காத்திருக்கச் சொல்வீர்களா?

கணக்குப்பிள்ளை: 2 மாதத்தில் 3% பின்தங்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மாறுங்கள். அது எப்படித் தெரியும் என்று சொல்லுங்கள்.

நிலாமுற்றம்: அந்த 2% நான் கடந்த மூன்று வருட வருமானத்தைப் பார்த்துச் சொன்னது. அதுவே இப்போது சந்தேகமாக இருக்கிறது.