வரைவில் 'தி'யும் காலப்பிறழ்வும்: எங்கிருந்து திருத்துவது?

வேதியியல் ஆய்வு மாணவி: ஒரே பத்திக்குள் காலம் மாறிக்கொண்டே இருக்கிறது என்றும், 'தி' வேண்டிய இடங்களில் விட்டுப்போகிறது என்றும் நெறியாளர் என் ஆங்கில வரைவைத் திருப்பி அனுப்பிவிட்டார். எதை முதலில் சரிசெய்வது?

மொழித்திருத்துநர்: இரண்டையும் ஒரே வாசிப்பில் பார்க்காதீர்கள். முதல் வாசிப்பில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் நீங்கள் ஆய்வகத்தில் செய்ததையோ கண்டதையோ சொல்கிறதா, இப்போது தாளில் இருக்கும் படத்தைச் சொல்கிறதா என்று கேளுங்கள். 'ஃபிகர் 2 ஷோஸ் தட் தி யீல்டு இன்க்ரீஸ்டு' என்பதில் இரண்டு காலங்கள் இருந்தாலும் பிழையில்லை; படம் இன்றும் காட்டுகிறது, விளைச்சல் அன்று கூடியது. '2015இல் கண்டறிந்துள்ளனர்' என்பது தமிழில் இயல்பாக இருப்பதால் 'ஹேவ் ரிப்போர்ட்டட் இன் 2015' என்று எழுதிவிடுகிறோம். முடிந்துபோன ஆண்டைச் சொன்னபின் ஆங்கிலம் அந்த 'ஹேவ்'வை ஏற்காது.

'தி'க்கு அடுத்த வாசிப்பு. 'கரைசல் தயாரித்தேன், கரைசலை வடிகட்டினேன்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். ஐ உருபு இல்லாத முதல் கரைசல் புதிதாக வருவது, அதற்கு 'எ சொல்யூஷன்'. உருபேற்ற இரண்டாவது, வாசகர் ஏற்கெனவே அறிந்தது, அதற்கு 'தி சொல்யூஷன்'.

ஆங்கிலத்துறை ஆசிரியர்: இந்தச் சோதனையை மாணவர்களிடம் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. 'நோயாளியைச் சந்தித்தோம்' என்பதில் நோயாளி யாரென்று தெரியாவிட்டாலும் உருபு வந்தே தீரும். 'வெப்பநிலை உயர்ந்தது' என்பதில் எழுவாய்க்கு உருபே இல்லை. 'தண்ணீர் சேர்த்தேன்' என்பதற்கு 'எ'யும் வராது, 'தி'யும் வராது. தம் துறையின் இதழ்க் கட்டுரை ஒன்றை எடுத்து, பெயர்ச்சொற்களுக்கு முன் என்ன வருகிறது என்று குறித்துப் பழகுவதே நிலைக்கும்.

பொறியியல் ஆய்வாளர்: நான் வரைவு முழுவதையும் இறந்தகாலத்துக்கு மாற்றினேன். என் நெறியாளர் காலத்தைப் பற்றி அப்புறம் எதுவும் சொல்லவில்லை.

மொழித்திருத்துநர்: செய்முறைப் பகுதிக்கு அது சரி. ஆனால் 'காப்பர் கண்டக்டட் எலக்ட்ரிசிட்டி' என்று எழுதினால், செம்பு அன்று மட்டும் மின்சாரத்தைக் கடத்தியது போலாகிவிடும். பொது உண்மைகளை நிகழ்காலத்திலேயே விட்டுவைக்க வேண்டும். ஆசிரியர் சொன்ன விலக்குகளை மறுக்கவில்லை. எழுவாயாக வரும்போது 'அந்த' என்று முன்னால் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். பொருள் கெடாமல் நின்றால் பெரும்பாலும் 'தி' பொருந்தும்.

சமூகவியல் மாணவர்: நேர்காணலில் பங்கேற்றவர்கள் ஆங்கிலத்தில் பேசிய வாக்கியங்களிலும் 'தி' விட்டுப்போயிருக்கிறது. அவற்றையும் திருத்தலாமா?

ஆங்கிலத்துறை ஆசிரியர்: மேற்கோளுக்குள் கைவைக்காதீர்கள், அது அவர்கள் பேச்சு. மாணவிக்கு ஒன்று சொல்வேன்: 'அந்த' சோதனையும் 'பெரும்பாலும்' என்ற அளவில்தான் நிற்கிறது. அது பிழைக்கும் இடங்களை எப்படி அடையாளம் காண்பதென்று திருத்துநர் இன்னும் சொல்லவில்லை.