எக்சிகியூட்டர் கணக்கைக் காட்டினார், கடை வாடகையில்தான் சிக்கல். உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

வில்லாபுரத்துப் பெண்:
எங்கள் பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. உயிலில் சிம்மக்கல் பக்கத்துச் சின்னக் கடையை எனக்கு எழுதியிருந்தார். கடன், செலவு போக மீதிப் பணத்தை நானும் என் இரண்டு தம்பிகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அவருடைய நண்பர் ஒருவர்தான் எக்சிகியூட்டர், உயிலின்படி சொத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர். சிறு வயதிலிருந்தே எங்களுக்கு அவர் மாமா. நேர்மையானவர், எண்பதை நெருங்குகிறார்.

பெரியப்பா இறந்து பதினான்கு மாதம் கழித்து, "ஆளுக்குச் சுமார் 2,46,700 வருதும்மா, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க" என்றார். கணக்கை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. "என்னையே சந்தேகப்படுறியா?" என்றார். சந்தேகம் இல்லை மாமா, மூன்று பேரும் பார்த்துவிட்டால் பிறகு யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

ஒரு நீள நோட்டு, ஒரு ஃபைல், பெரியப்பாவின் பாஸ்புக். ஃபைலில் ரசீதுகள் தேதி வாரியாக நூல் கோத்து இருந்தன. நான் முதலில் செய்தது, இறந்த அன்று பாஸ்புக்கில் இருந்த 4,12,000-மும் நோட்டின் முதல் வரியும் ஒன்றா என்று பார்த்தது. ஒன்றுதான். முதிர்ந்த வைப்புத்தொகை வட்டியோடு 6,24,000. அதுவும் சரி. பிறகு செலவுப் பக்கம். கடைசி ஆஸ்பத்திரி பில் 1,36,000. தத்தனேரி மயானச் செலவும் பதினாறாம் நாள் காரியமும் சேர்த்து 92,000. பெரியப்பாவைக் கவனித்துக்கொண்ட வேலைக்கார அம்மாவுக்குச் சம்பள பாக்கி 27,000. புரோநோட்டுக் கடன் 1,50,000, எழுதிய நோட்டையே திரும்ப வாங்கி, பைசல் என்று எழுதி ஒட்டியிருந்தார். வக்கீல், ஆடிட்டர், பத்திர நகல், ஆட்டோ எல்லாம் 23,000. ஆட்டோவுக்கு ரசீது இல்லை, ஆனால் தேதியும் எந்த அலுவலகம் போனார் என்பதும் இருந்தது. அதை நான் கேட்கவே இல்லை.

என்னை உறுத்தியது வேறு. கடையின் வாடகை மாதம் 11,000, பதினான்கு மாதத்துக்கு 1,54,000. அதையும் பொதுப் பணத்தோடு சேர்த்துவிட்டு, கடைக்குக் கட்டிய வீட்டு வரி, ஷட்டர் பழுது 22,000-ஐக் கழித்து, மீதியை மூன்றாகப் பிரித்திருந்தார். கடை எனக்கு என்றால் இறந்த பிறகு வந்த வாடகை யாருக்கு? கேட்டால் "எல்லாம் அண்ணன் பணம்தானே" என்கிறார். தம்பிகளும் அப்படியே நினைக்கிறார்கள். நான் கேட்பது நியாயமா?

அனுப்பானடி:
நியாயமோ இல்லையோ, நேரே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்க அக்கா. எக்சிகியூட்டர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒரு வருடத்துக்குள் கணக்கையும் தாக்கல் செய்தே ஆக வேண்டும். நகல் மனு போட்டால் எல்லாம் கையில் வந்துவிடும். எங்கள் அத்தை விஷயத்தில் அப்படித்தான் வாங்கினோம். செய்யாவிட்டால் குற்றம்.

சிம்மக்கல் வக்கீல் குமாஸ்தா:
தம்பி சொல்வது பாதி சரி. ஆறு மாதம், ஒரு வருடம் என்பது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 317-வது பிரிவு. ஆனால் அந்தக் கெடு ஆரம்பிப்பது இறந்த நாளிலிருந்து அல்ல, புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, கொடுத்த நாளிலிருந்து. நீதிமன்றம் கெடுவை நீட்டிக்கவும் செய்யும். உங்கள் அத்தைக்குப் புரொபேட் வாங்கியிருப்பார்கள், அதனால் நகல் கிடைத்தது. குற்றம் என்பதும் நீதிமன்றம் தாக்கல் செய்யச் சொல்லியும் செய்யாவிட்டால்தான். மதுரையில் எழுதி மதுரைச் சொத்தைப் பற்றிய உயிலுக்கு இந்துக் குடும்பங்கள் பெரும்பாலும் புரொபேட் வாங்குவதில்லை. வாங்காத உயிலுக்கு நீதிமன்றத்தில் எந்தக் கணக்கும் இருக்காது. போய்த் தேடினால் ஏமாற்றம்தான்.

இப்போது அம்மா கேட்டதற்கு வருகிறேன். உங்கள் பக்கம்தான் சட்டம். குறிப்பிட்ட ஒரு சொத்தை இன்னாருக்கு என்று உயிலில் தனியாக எழுதியிருந்தால், இறந்த நாளிலிருந்து அதன் நிகர வருமானமும் அவருக்கே. அதே சட்டத்தின் 349-வது பிரிவு. வாடகையில் அந்தக் கடைக்கான செலவை மட்டும் கழிக்கலாம். ஆஸ்பத்திரி பில், காரியச் செலவு, கடன் எல்லாம் பொதுப் பணத்திலிருந்துதான் போக வேண்டும், அதில் பணம் போதுமான அளவு இருக்கும்வரை.

உங்கள் எண்களையே போட்டுப் பார்த்தேன். வாடகை 1,54,000, கடைச் செலவு 22,000 போக 1,32,000 உங்களுக்குத் தனி. பொதுப் பணம் 10,36,000, அதில் செலவு 4,28,000 போனால் 6,08,000. மூன்றாகப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 2,02,700. ஆக உங்களுக்குச் சுமார் 3,34,700, தம்பிகளுக்குத் தலா 2,02,700. மாமா போட்டதைவிட உங்களுக்கு 88,000 கூடுதல், அவர்களுக்குத் தலா 44,000 குறைவு. தம்பிகள் ஒத்துக்கொள்ளத் தயங்குவது இதனால்தான் இருக்கும்.

இதில் மாமா மீது தப்பான எண்ணம் வேண்டாம். நோட்டில் ஒரே பக்கம் வைத்திருந்ததுதான் கோளாறு. ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் வரவையும் செலவையும் அங்கேயே எழுதியிருந்தால் இந்தக் கேள்வி பிரிக்கும்போது எழாது.

வில்லாபுரத்துப் பெண்:
ஐயா, ரொம்ப நன்றி. தம்பிகள் பங்கில் 44,000 குறையும் என்பதை நான்தான் சொல்ல வேண்டும், அதுதான் தயக்கம். மாமாவிடம் நீங்கள் சொன்னபடி இரண்டு பக்கமாக எழுதிக் காட்டச் சொல்கிறேன்.

மேலூர் விவசாயி:
எங்கள் வீட்டிலும் இதே கதை அக்கா. அப்பா இறந்து நாலு வருடம். அண்ணன்தான் ரைஸ்மில் வாடகை வாங்குகிறார், கணக்கே காட்டுவதில்லை. நானும் 317 போட்டுக் கேட்கலாமா? உயில் எதுவும் எழுதவில்லை.

சிம்மக்கல் வக்கீல் குமாஸ்தா:
உயில் இல்லையென்றால் அண்ணன் எக்சிகியூட்டர் இல்லை, உங்களைப் போல ஒரு பங்குதாரர். வழி வேறு. பாகப்பிரிவினை வழக்கில் அவர் வாங்கிய வாடகைக்கும் கணக்குக் கேட்கலாம். இங்கே பேசும் 317 உங்களுக்குப் பொருந்தாது. வக்கீலைப் பாருங்கள்.

திருநகர் ஓய்வு பெற்ற கூட்டுறவுச் செயலர்:
நான் எக்சிகியூட்டராக இருந்தவன். என் அனுபவம் வேறு பக்கத்தைச் சொல்லும்.

பக்கத்து வீட்டுக்காரர் உயிலில் என் பெயரைப் போட்டிருந்தார். என் சொந்த சேமிப்புக் கணக்கில் ஒரு ரூபாய்கூட விழக்கூடாது என்று முடிவு செய்தேன். இறந்தவரின் பெயரைச் சேர்த்து, நான் எக்சிகியூட்டர் என்ற முறையில் தனிக் கணக்கு ஆரம்பித்தேன். வங்கி உயிலின் நகல், இறப்புச் சான்று எல்லாம் கேட்டது, கொஞ்சம் இழுத்தது, ஆனால் அந்த ஒரு வேலை பின்னால் வந்திருக்கக்கூடிய பல சண்டைகளைத் தடுத்தது. இறந்த பிறகு வந்த வாடகை, வட்டிக்கு வருமான வரியையும் என் சொந்தக் கணக்கில் காட்டாமல், அவருடைய சொத்துக்கான தனிக் கணக்காக ஆடிட்டர் மூலம் தாக்கல் செய்தேன். பங்கு முழுவதும் பிரித்துக் கொடுக்கும் வரை அப்படித்தான்.

எங்களுக்குள் நின்ற தகராறு காரியச் செலவுதான். மூத்த மகன் பந்தல், சமையல் என்று 1,80,000 செலவழித்துவிட்டு என்னிடம் பில் நீட்டினார். இறந்தவரின் தகுதிக்கும் வசதிக்கும் ஏற்ற நியாயமான இறுதிச் சடங்குச் செலவு எல்லாக் கடனுக்கும் முன்னால் வரும் என்று சட்டம் சொல்கிறது. அந்த நியாயம் எவ்வளவு? மயானம், அய்யர், சாமான் வரைக்கும் சரி. ஊருக்கே போட்ட சாப்பாடு? வந்த மொய்யை யார் வைத்துக்கொள்வது? நான் பாதியை ஏற்றுக்கொண்டேன், மற்றவர்கள் கையெழுத்து வாங்கினேன். இன்னொருவர் வேறுவிதமாகச் செய்திருப்பார்.

எனக்கு என் உழைப்புக்கு ஒன்றும் கேட்கவில்லை. செலவை மட்டும் எடுத்தேன்.

அனுப்பானடி:
ஏன் ஐயா, எக்சிகியூட்டருக்குக் கமிஷன் உண்டுதானே? எங்கள் வீட்டில் ஒருவர் சொத்து மதிப்பில் 5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டார்.

சிம்மக்கல் வக்கீல் குமாஸ்தா:
309-வது பிரிவைக் காட்டி எடுத்திருப்பார். அது அரசின் சொத்து நிர்வாக அதிகாரியான அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரலுக்கு நிர்ணயித்த விகிதத்தைவிட அதிகம் எடுக்கக்கூடாது என்று மேல்வரம்பைத்தான் சொல்கிறது. உயிலில் இல்லாதபோது அந்த வரம்பு வரைக்கும் எடுக்க உரிமை உண்டா என்பதில் வக்கீல்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. என் முதலாளி இல்லை என்பார். எதுவானாலும், எடுத்த தொகை கணக்கில் தனி வரியாகத் தெரிய வேண்டும். உங்கள் வீட்டில் அந்த 5 சதவீதம் எங்கே எழுதியிருந்தது, "இதரச் செலவு" என்றா?

அனுப்பானடி:
ஆமாம் ஐயா, "இதரம்" என்றுதான் இருந்தது. நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

வில்லாபுரத்துப் பெண்:
இன்னொரு கேள்வி. மாமா காட்டினார், சரி. காட்டாமல் இருந்திருந்தால்?

சிம்மக்கல் வக்கீல் குமாஸ்தா:
முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். இன்ன உயிலின்படி எனக்குப் பங்கு உண்டு, இறந்த நாள் முதல் இன்று வரை வரவு செலவையும், ஆதார ரசீதுகளையும், வங்கி அறிக்கையையும் பார்வையிட ஒரு நாள் கொடுங்கள் என்று, ஒப்புகை அட்டையோடு தபாலில். அசைவில்லையென்றால் சிவில் நீதிமன்றத்தில் சொத்தை நிர்வகிக்கக் கோரும் வழக்கு. அதில் முதலில் கணக்கு எடுக்கச் சொல்லி முதல்நிலைத் தீர்ப்பு வரும், பெரும்பாலும் ஒரு வக்கீலை ஆணையராகப் போட்டு அவர் முன்னால் புத்தகங்களைப் பார்ப்பார்கள். ரசீது காட்ட வேண்டிய பொறுப்பு எக்சிகியூட்டருடையது. உயிலில் வந்த பங்கைக் கேட்கும் வழக்குக்கு 12 வருடம் காலவரையறை உண்டு, அதற்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை, ரசீதுகள் அவ்வளவு காலம் இருக்காது. அப்புறம், இறந்து ஒரு வருடம் முடியும்வரை பங்கைக் கொடுக்க எக்சிகியூட்டர் கட்டாயப்பட்டவர் அல்ல. அதற்குள் அவசரப்பட்டுச் சண்டை போட வேண்டாம்.

உயிலில் ஒன்றும் கிடைக்காத உறவினர் கணக்கைக் கேட்டால் சாதாரணமாகக் கிடைக்காது. உயிலே செல்லாது என்பது அவருடைய வாதமானால் அது தனி வழக்கு.

வில்லாபுரத்துப் பெண்:
மாமா இன்று போன் செய்தார். கடைப் பக்கத்தைத் தனியாக எழுதிவிட்டாராம். ரசீதுகளை நான் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பெரிய தம்பி ஒத்துக்கொண்டான். சின்னவன் இன்னும் பேசவில்லை.