‘சாச்சுரேசன்’: நிரம்பலா, தகவல் வலுவா?

கிளிநொச்சி, முதுமாணி மாணவி:
வணக்கம். இரணைமடு வாய்க்கால்களின் கடைசியில் வயல் செய்பவர்கள் சிறுபோகத் தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. 14 நேர்காணல், கருப்பொருள் பகுப்பாய்வு. ‘தரவு நிரம்பல் அடைந்ததால் 14 பேரோடு நிறுத்தப்பட்டது’ என்று எழுதியிருந்தேன். பரிசோதகர், ‘எப்படித் தெரியும்? ஏன் எழுமாறாக எடுக்கவில்லை?’ என்று கேட்டுத் திருப்பிவிட்டார். நிரம்பல் என்ற சொல்தான் பிழையா?

வவுனியா, இரசாயன ஆசிரியர்:
சொல் சரிதான் தங்கச்சி. நிரம்பிய கரைசலில் உப்பு இனிக் கரையாது. அதுபோல 12ஆவது ஆளுக்குப் பிறகு புதிதாக ஒன்றும் வராவிட்டால் அது நிரம்பல். விளக்கத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதும், போதும்.

மாங்குளம்:
எனக்கும் இதே பிரச்சினை. 120 வினாக்கொத்துக் கொடுத்தேன், 87 திரும்பி வந்தது. நானும் நிரம்பல் என்று எழுதலாமா?

முல்லைத்தீவு, ஆய்வு மேற்பார்வையாளர்:
மாங்குளத்துத் தம்பி, உங்களுடையது பதில் வந்த வீதம். அது வேறு கதை. தங்கச்சி, நேர்காணல் நடந்துகொண்டிருக்கும்போதே குறியீடு செய்தீரா?

கிளிநொச்சி:
இல்லை அக்கா. 14 என்பது முன்மொழிவிலேயே இருந்தது. மூன்று கிழமையில் எல்லாரையும் கண்டுவிட்டு, பிறகுதான் எழுத்துப்படி எடுத்தேன்.

முல்லைத்தீவு:
அப்ப அந்த வசனத்தை எடுத்துவிடும். 1967இல் கிளேசரும் ஸ்ட்ராவுசும் சொன்ன நிரம்பலில் சேகரிப்பும் பகுப்பாய்வும் ஒன்றாக நடக்கும்; கண்டுபிடித்ததைப் பார்த்துத்தான் அடுத்த ஆளைத் தேடுவார்கள். நீர் அப்படிச் செய்யவில்லை. கரைசல் உவமையும் இங்கே வழுக்கும். உப்புக்கு எல்லை உண்டு. ஒரு நேர்காணலை வாசிக்க வாசிக்கப் புதிதாக ஏதாவது தெரியும். மால்ட்டெருட் குழு 2016இல் வேறு வழி சொன்னது: நோக்கம் ஒடுக்கமாகவும், ஆட்கள் கேள்விக்குப் பொருத்தமாகவும், பேச்சு ஆழமாகவும் இருந்தால் குறைந்த பேர் போதும். அவர்கள் ‘இன்பர்மேசன் பவர்’ என்றதை நாம் ‘தகவல் வலு’ என்போம்.

எழுமாற்றுக்கும் பதில் உம்மிடமே இருக்கிறது. கமக்கார அமைப்பின் பட்டியலில் குத்தகைக்குச் செய்பவர்கள் இருக்கிறார்களா?

கிளிநொச்சி:
நான் பார்த்த பட்டியலில் காணிக்காரர் பெயர்தான்.

முல்லைத்தீவு:
அதை எழுதும். இப்படி: ‘பட்டியலிலிருந்து எழுமாறாக எடுத்தால், தண்ணீர் பிந்தும்போது நட்டப்படும் குத்தகைக்காரர் விடுபடுவர். ஆகவே வாய்க்காலின் கடைசிப் பகுதியில் சிறுபோகம் செய்தவர்களை, காணிக்காரர், குத்தகைக்காரர் என்ற வேறுபாடு தெரியும்படி தேர்ந்தேன். கேள்வி ஒரு பங்கீட்டைப் பற்றியது. ஒவ்வொருவரோடும் நீண்ட நேரம் பேச முடிந்தது. எனவே 14 பேர் போதுமெனக் கருதினேன். எத்தனை பேர் இப்படி நினைக்கிறார்கள் என்று இந்த ஆய்வு சொல்லாது.’

வவுனியா:
உவமை பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வலு பௌதிகத்தில் ஏற்கெனவே இருக்கிறது, புள்ளியியலிலும் வருகிறது. வாசிப்பவர் கணக்கு ஒன்றை எதிர்பார்ப்பார். ‘தகவல் செறிவு’ ஆகாதா?

முல்லைத்தீவு:
செறிவும் உங்கள் இரசாயனத்துக்குத்தான் போகிறது சேர். எனக்கு வலுதான் பிடிக்கிறது, மற்றவர்களும் சொல்லட்டும்.

கிளிநொச்சி:
அக்கா, எண்ணிப் பார்த்தேன். 14இல் குத்தகைக்காரர் மூன்று பேர்தான், மூவரும் ஒரே வாய்க்கால். அந்த வேறுபாட்டைப் பற்றிப் பேச இது போதாது போலிருக்கிறது. இன்னும் இரண்டு பேரைத் தேடிப் போகலாமா என்று என் மேற்பார்வையாளரிடம் நாளைக்குக் கேட்கிறேன்.